பர்ன்டவுன் அசையவில்லை: ஸ்க்ரம் மாஸ்டர் இன்டர்வியூவில் பதில் சிக்கும் இடங்களும் சரிசெய்யும் வழியும்

ஸ்க்ரம் மாஸ்டர் இன்டர்வியூவில் வரையறைக் கேள்விகளில் யாரும் பெரிதாகச் சறுக்குவதில்லை. ஸ்க்ரம் கைடு சின்னது, ஒரு மாலையில் படித்துவிடலாம். சறுக்கல் ஆரம்பிப்பது இந்த மாதிரி ஒரு கேள்வியில்தான்: "பத்து நாள் ஸ்பிரின்ட். ஆறாவது நாள் காலை. ஒரு ஸ்டோரிகூட முடியவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?" இதைப் பிடித்துக்கொண்டே அணிக்குள் நடந்த சண்டைக்குப் போவார்கள். அங்கிருந்து "சரி, முன்னேற்றத்தை எதை வைத்து அளந்தீர்கள்?" என்பதற்கு வருவார்கள்.

இந்த இன்டர்வியூவுக்கு நானும் போயிருக்கிறேன், இப்போது எடுக்கவும் செய்கிறேன். பதில் எங்கே சிக்குகிறது என்பதை, எதிரே இருப்பவர் அடுத்து என்ன கேட்கிறார் என்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதனால் அந்தக் கேள்விகளையே அறிகுறிகளாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். உதாரணம் ஒன்றுதான், நான் வேலை பார்த்த ஓர் அணியில் நடந்தது.

பஸ் டிக்கெட் முன்பதிவு ஆப். ஐந்து டெவலப்பர்கள், ஒரே டெஸ்டர், ஒரு ப்ராடக்ட் ஓனர், நான். ஸ்பிரின்ட் இலக்கு: பயணி தானே டிக்கெட்டை ரத்து செய்யவும், பணம் எப்போது திரும்ப வரும் என்று ஆப்பிலேயே பார்க்கவும் முடிய வேண்டும். எட்டு ஸ்டோரிகள் எடுத்திருந்தோம். ஆறாவது நாள் காலை போர்டில் ஒன்று தொடங்கப்படவில்லை, மூன்று டெவலப்மென்டில், இரண்டு கோடு ரிவ்யூவுக்காகக் காத்திருக்கின்றன, இரண்டு டெஸ்டிங்கில். முடிந்தது பூஜ்யம். பர்ன்டவுன் கோடு முதல் நாளில் இருந்த உயரத்திலேயே நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அறிகுறி 1: நீங்கள் சொல்லச் சொல்ல "சரி, அப்புறம்?" என்றே கேட்கிறார்

"டீமோடு பேசுவேன், தடைகளைக் கண்டுபிடித்து நீக்குவேன், தேவைப்பட்டால் எஸ்கலேட் செய்வேன்." பத்தில் ஏழு பேர் சொல்லும் பதில் இது. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் எந்த அணிக்கும் எந்த நாளுக்கும் பொருந்துகிற பதில் என்பதால், கேட்பவருக்கு அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக வழியில்லை. அதனால்தான் "அப்புறம்?" வருகிறது. என்ன நோய் என்று சொல்வதற்கு முன்பே மருந்துக்குப் போய்விட்டீர்கள் என்பதே இதற்குக் காரணம்.

கோடு நேராகக் கிடப்பதற்கு நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. முதல் காரணத்தில் வேலை உண்மையில் சிக்கவே இல்லை. ஸ்டோரிகள் பெரிதாக இருப்பதால் எல்லாம் கடைசி இரண்டு நாளில்தான் முடியும், அதுவரை பாயின்ட் குறையாது. இரண்டாவது, ஒரே நேரத்தில் நிறைய திறந்துவைத்துவிட்டு எதையும் மூட முடியாமல் இருப்பது. மூன்றாவது, வெளியே யாரோ ஒருவருக்காகக் காத்திருப்பது. நான்காவது, இலக்கே பொருளற்றுப் போனது. வாடிக்கையாளர் அந்த வசதியே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

எது என்று பார்க்க பர்ன்டவுன் உதவாது. தனித்தனியாக ஒவ்வொரு கார்டும் எத்தனை நாளாக அதே நிலையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஜிராவில் நான் இதை ஓட்டுவேன்:

```
sprint in openSprints()
AND statusCategory = "In Progress"
AND NOT status CHANGED AFTER -2d
```

கடைசி இரண்டு நாளில் நிலை மாறாத கார்டுகள் மட்டும் வரும். இங்கே பலரும் `updated <= -2d` என்று போட்டுவிடுகிறார்கள். அது ஏமாற்றும். யாராவது "எப்போது முடியும்?" என்று ஒரு கமென்ட் போட்டாலே கார்டு அப்டேட் ஆனதாகக் கணக்கு. மிகவும் சிக்கிய கார்டில்தான் கமென்ட் அதிகம் இருக்கும், ஆகவே மிகவும் சிக்கியதுதான் பட்டியலில் வராமல் போகும். இன்டர்வியூவில் இந்த ஒரு விவரத்தைச் சொன்னாலே, நீங்கள் போர்டைத் திறந்து உட்கார்ந்தவர் என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பட்டியல் காலியாக இருந்தால் கார்டுகள் நகர்கின்றன என்று பொருள், முதல் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது செய்ய வேண்டியது இந்த ஸ்பிரின்டில் பெரிதாக எதுவும் இல்லை, அடுத்த முறை ஸ்டோரியைச் சிறிதாக வெட்ட வேண்டும். எங்களுக்கு நான்கு கார்டுகள் வந்தன. டெஸ்டிங்கில் இருந்த இரண்டும் மூன்று நாளாக நிற்கின்றன. ரிவ்யூவில் இருந்த இரண்டும் இரண்டு நாளாக நிற்கின்றன.

டெஸ்டிங் கார்டுகளுக்குக் காரணம் வெளியே இருந்தது. பேமென்ட் டெஸ்ட் சூழலை இன்னொரு அணியோடு பங்கிட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் அந்த வாரம் லோடு டெஸ்ட் ஓட்டியதால் எங்கள் ரீஃபண்ட் அழைப்புகள் பாதியில் டைம்அவுட் ஆகிக்கொண்டிருந்தன. ரிவ்யூ கார்டுகளுக்குக் காரணம் உள்ளேயே இருந்தது. தன் வேலையை ரிவ்யூவுக்குப் போட்டுவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் ஒவ்வொருவரும் அடுத்த ஸ்டோரியைத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தால் ரிவ்யூ செய்ய யார் இருக்கிறார்கள்?

இந்த இரண்டாவது காரணத்தை எண்ணாலும் காட்டலாம். லிட்டில் விதி என்று ஒரு எளிய கணக்கு உண்டு. கையில் திறந்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் சராசரியாக முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரி நாட்கள் வரும். முந்தைய நான்கு ஸ்பிரின்டில் நாங்கள் முடித்தவை 5, 4, 6, 5. அதாவது பத்து நாளுக்கு ஐந்து, நாளுக்கு அரை ஸ்டோரி. இப்போது திறந்திருந்தவை ஏழு.

```
7 / 0.5 = 14
```

ஒரு ஸ்டோரி முடிய சராசரியாக பதினான்கு வேலைநாள். ஸ்பிரின்டோ பத்து நாள். யாரும் சோம்பேறி இல்லை, யாருக்கும் திறமைக் குறைவில்லை, ஆனாலும் இப்படித் திறந்துவைத்திருந்தால் வேலை அடுத்த ஸ்பிரின்டுக்கு வழியத்தான் செய்யும். இது சராசரிக் கணக்கு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வேலை வரும் வேகமும் முடியும் வேகமும் ஓரளவு சீராக இருக்கும்போதுதான் பொருந்தும். ஒரு குறிப்பிட்ட கார்டு எந்த நாளில் முடியும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இதற்குப் பிறகுதான் "என்ன செய்தேன்" என்பது வர வேண்டும். அன்று காலை டெய்லி ஸ்க்ரமில் நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: "இந்த எட்டில் எந்த ஸ்டோரிகள் இல்லாவிட்டால் இலக்கு நிற்காது?" ப்ராடக்ட் ஓனரையும் அழைத்திருந்தோம். நான்கு என்று வந்தது. முழு டிக்கெட் ரத்து, திரும்பும் தொகையைக் காட்டுவது, பணத்தின் நிலையைப் பார்ப்பது, பேமென்ட் தோற்றால் வரும் செய்தி. நான்கு பயணிகளில் ஒருவருக்கு மட்டும் ரத்து செய்வது, கூப்பனைத் திருப்பித் தருவது, மின்னஞ்சல் வடிவம், நிர்வாகிகளுக்கான அறிக்கை ஆகிய நான்கும் ஒதுக்கிவைக்கப்பட்டன. வேலையின் அளவை ஸ்பிரின்ட் நடுவில் ப்ராடக்ட் ஓனரோடு பேசி மாற்றிக்கொள்ள ஸ்க்ரமில் இடம் உண்டு. இலக்குக்கு ஆபத்து வரும் மாற்றம்தான் கூடாது.

மதியத்துக்குள் இரண்டு ரிவ்யூக்களையும் முடித்தார்கள். புதிதாக யாரும் எதையும் திறக்கவில்லை. இரண்டு டெவலப்பர்கள் டெஸ்டரோடு உட்கார்ந்து டெஸ்டிங்கை எடுத்துக்கொண்டார்கள். நான் அடுத்த அணியின் ஸ்க்ரம் மாஸ்டரிடம் போனேன். லோடு டெஸ்டை நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை. அவர்களுக்கும் ரிலீஸ் இருக்கிறது. காலை எட்டு முதல் பத்து வரை அவர்கள் எதுவும் ஓட்டுவதில்லை என்று தெரிந்தது. அந்த இரண்டு மணி நேரத்தைக் கேட்டு வாங்கினேன். எங்கள் ஆட்கள் நான்கு நாள் சீக்கிரம் வர வேண்டியிருந்தது, அதை அவர்களிடம் கேட்டுத்தான் ஒப்புக்கொண்டேன்.

பத்தாவது நாள் காலை நான்காவது ஸ்டோரி முடிந்தது. மீதி நான்கும் பேக்லாக்குக்குத் திரும்பிப் போயின.

அறிகுறி 2: "இன்னும் இரண்டு நாள் நீட்டித்திருக்கலாமே?" என்று கனிவாகக் கேட்கிறார்

இது நீங்கள் தலையாட்டுகிறீர்களா என்று பார்க்கும் கேள்வி. ஸ்பிரின்டின் நீளம் மாறாது. நீட்டித்தால் முந்தைய ஸ்பிரின்ட்களோடு ஒப்பிட முடியாமல் போகும், அதைவிட முக்கியமாக, சிக்கல் தெரியவேண்டிய நாளில் தெரியாமல் போகும். இதன் தங்கை "ரத்து செய்துவிடலாமா?" என்ற கேள்வி. ரத்து செய்யும் அதிகாரம் ப்ராடக்ட் ஓனருக்கு மட்டும்தான், அதுவும் இலக்கு பொருளற்றுப் போனால்தான். வேலை முடியாது என்பது ரத்துக்குக் காரணமல்ல. மூன்றாவதாக, "எண்பது சதவீதம் முடிந்த ஸ்டோரிக்குப் பாதி பாயின்ட் தருவீர்களா?" என்பார்கள். தரமாட்டேன் என்று சொல்லுங்கள். டெஃபினிஷன் ஆஃப் டன்னைத் தொடாத வேலையை ஸ்பிரின்ட் ரிவ்யூவில் காட்டவே கூடாது, அது பேக்லாக்குக்குத் திரும்பிப் போகும்.

அறிகுறி 3: "அதில் *நீங்கள்* என்ன செய்தீர்கள்?" என்று இரண்டாவது முறையாகக் கேட்கிறார்

நம் ஊர்ப் பழக்கம் இது. "நாங்க பண்ணோம், நாங்க முடிச்சோம்" என்றே பேசுவோம், "நான்" என்றால் தற்பெருமை மாதிரி இருக்கும் என்று. அந்தக் கூச்சம் எனக்குப் பிடிக்கும், ஆனால் இன்டர்வியூவில் அது உங்களை மறைத்துவிடுகிறது. அதற்காக எல்லாவற்றையும் "நான்" ஆக்கினாலும் தவறு. "நான் வேலையைப் பிரித்துக் கொடுத்தேன், நான் டெட்லைன் வைத்தேன்" என்றால், ஸ்க்ரம் மாஸ்டர் வேலைக்குப் பிராஜெக்ட் மேனேஜர் வந்திருக்கிறார் என்று குறித்துக்கொள்வார்கள்.

சரிசெய்வது சுலபம். முடிவு எடுத்தவர் யாரோ அவர் பெயரில் அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். எங்கள் கதையில் எந்த நான்கு ஸ்டோரி என்று முடிவு செய்தது ப்ராடக்ட் ஓனர். யார் டெஸ்டிங்கில் உட்காருவது என்று முடிவு செய்தது டெவலப்பர்கள். கார்டு வயதை எடுத்து முன்னால் வைத்தது, கேள்வியைக் கேட்டது, பக்கத்து அணியிடம் நேரம் வாங்கியது நான். இப்படிச் சொன்னால் உங்கள் வேலையும் தெரியும், அந்த வேலையின் எல்லை உங்களுக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

அறிகுறி 4: சண்டையைப் பற்றிச் சொல்லி முடித்ததும் "அது மறுபடி வரவில்லையா?" என்று கேட்கிறார்

"இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன், பிறகு சேர்த்து உட்கார வைத்தேன், சமாதானமாகிவிட்டார்கள்." இந்தப் பதிலில் சண்டை எதைப் பற்றியது என்பதே இல்லை. எதைப் பற்றி என்று தெரியாமல் தீர்ந்த சண்டை அடுத்த ஸ்பிரின்டில் மறுபடி வரும். கேட்பவருக்கு அது தெரியும்.

அதே ஸ்பிரின்டின் ஏழாவது நாள். திரும்பும் தொகையைக் காட்டும் ஸ்டோரியை டெஸ்டர் மூன்றாவது முறையாக டெவலப்பருக்கே திருப்பி அனுப்பியிருந்தார். ஸ்டாண்ட்அப்பில் எல்லோர் முன்னாலும் டெவலப்பர் வெடித்துவிட்டார். "அக்கா, நீங்க வேணும்னே திருப்பி அனுப்புறீங்க. எங்கிட்ட சரியாத்தான் ஓடுது." டெஸ்டர் குரலை உயர்த்தவில்லை. "தப்பா இருக்கிறதைத் தப்புன்னுதானே சொல்ல முடியும், தம்பி?" என்று மட்டும் சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்து போனார். பதினைந்து நிமிடக் கூட்டம் ஆறு நிமிடத்தில் கலைந்தது.

உடனே இருவரையும் அறைக்குள் கூப்பிட வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அதற்கு முன்னால் கார்டைத் திறந்து மூன்று முறையும் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று படித்தேன். மூன்றும் ஒன்றே. டிக்கெட் விலை ₹845. ரத்துக் கட்டணம் பத்து சதவீதம், அதாவது ₹84.50. திரும்ப வேண்டியது ₹760.50. டெவலப்பரின் திரை ₹761 என்று காட்டுகிறது. அவர் ரூபாய்க்கு முழுமையாக்கியிருந்தார், ஏனென்றால் ஆப்பில் மற்ற எல்லாத் திரைகளிலும் தொகை முழு ரூபாயில்தான் வரும். டெஸ்டர் பைசா வரை எதிர்பார்த்தார், ஏனென்றால் பேமென்ட் பக்கத்தில் பைசா வரை கணக்கு பொருந்தாவிட்டால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும். இருவரும் சொன்னது சரி. ஸ்டோரியில் எழுதியிருந்தது "கட்டணம் போக மீதித் தொகையைக் காட்ட வேண்டும்" என்ற ஒரே வரி.

இது ஆட்களுக்கு இடையிலான சண்டை போலத் தெரியும், ஆனால் எழுதப்படாத ஒரு முடிவைப் பற்றிய சண்டை. இப்படியா அப்படியா என்று பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இது: அந்த இருவரில் ஒருவருக்குப் பதில் வேறு ஒருவர் இருந்திருந்தால் இந்தச் சண்டை வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் வேலை அமைப்பைச் சரிசெய்ய வேண்டும். வந்திருக்காது என்றால்தான் தனிமனிதப் பேச்சு முதலில்.

ப்ராடக்ட் ஓனரோடு இருவரையும் ஒரே திரை முன் உட்காரச் சொன்னேன். "யார் சரி" என்ற கேள்வி எழவே இல்லை, ₹845 எண்ணை மட்டும் திரையில் வைத்தோம். இருபது நிமிடத்தில் மூன்று உதாரணங்கள் கார்டில் ஏறின. பைசா வரை காட்ட வேண்டும் என்று ப்ராடக்ட் ஓனர் முடிவு சொன்னார். அன்று மாலையே ஸ்டோரி முடிந்தது.

ஆனால் "வேணும்னே" என்ற சொல் எல்லோர் முன்னாலும் விழுந்திருக்கிறது. அது கணக்கைச் சரிசெய்வதால் போகாது. டெவலப்பரோடு டீ குடிக்கப் போனபோது, "நீங்க சொன்ன ஒரு வார்த்தை அவங்களை ரொம்பப் பாதிச்சிருக்குன்னு நினைக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. சொல்லி வாங்கும் மன்னிப்பு இருவருக்குமே சங்கடம். அவர் அப்போதுதான் இன்னொரு விஷயம் சொன்னார். கார்டு திரும்பி வரும் எண்ணிக்கை அவருடைய அப்ரைசலில் கணக்கிடப்படுகிறது. விசாரித்தால், டெஸ்டருக்கோ எத்தனை பிழை பதிவு செய்தார் என்பது கணக்கு. ஒருவருக்கு மதிப்பெண் கூடினால் மற்றவருக்குக் குறையும்படி அமைத்துவிட்டு, அவர்களை ஒரே அணி என்று அழைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அன்று உண்மையிலேயே கோபம் வந்தது, அவர்கள் இருவர் மேலும் அல்ல.

அடுத்த ஸ்பிரின்டில் இருந்து, ஒரு ஸ்டோரியைத் தொடும் முன் டெவலப்பரும் டெஸ்டரும் ப்ராடக்ட் ஓனரும் பத்து நிமிடம் பேசி இரண்டு மூன்று எண் உதாரணங்களைக் கார்டில் எழுதுவது என்று அணி ரெட்ரோவில் முடிவு செய்தது. அப்ரைசல் விஷயத்தை நான் மேனேஜரிடம் கொண்டுபோனேன். அது என் கையில் இல்லாத விஷயம், ஒரே பேச்சில் மாறவும் இல்லை. அடுத்த அப்ரைசலில்தான் எங்கள் அணிக்கு அந்த இரண்டு எண்ணிக்கைகளையும் நீக்கினார்கள். "மறுபடி வரவில்லையா?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: கருத்து வேறுபாடு வந்தது, ஆனால் கார்டு மூன்று முறை திரும்பும் அளவுக்குப் போகவில்லை.

ஒரு எல்லையைக் கட்டாயம் சொல்லுங்கள், பல இன்டர்வியூக்களில் இதற்காகக் காத்திருப்பார்கள். மிரட்டல், சாதியையோ மதத்தையோ சொல்லி இழிவுபடுத்துவது, பாலியல் தொல்லை இவையெல்லாம் அணிச் சண்டை அல்ல. அங்கே ஸ்க்ரம் மாஸ்டர் சமரசம் பேசக்கூடாது. அது ஹெச்ஆரிடம் போக வேண்டும். பணியிடப் பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டப்படி நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் போகும் வழியைப் பாதிக்கப்பட்டவருக்குக் காட்டி, அவர் முடிவுக்குத் துணை நிற்க வேண்டும்.

அறிகுறி 5: வெலாசிட்டி என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்

"முன்னேற்றத்தை எப்படி அளந்தீர்கள்?" என்றால் "வெலாசிட்டி, பர்ன்டவுன்" என்று சொல்வது ஒரு அனிச்சைச் செயல் மாதிரி ஆகிவிட்டது. வெலாசிட்டி என்ற சொல்லே ஸ்க்ரம் கைடில் இல்லை. அணி அடுத்த ஸ்பிரின்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று தனக்குத்தானே பார்த்துக்கொள்ள அது உதவும். மேலே காட்டும் மதிப்பெண்ணாக மாறியதும் கெட்டுப்போகும். எப்படிக் கெடுகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

நாங்கள் இலக்கை எட்டிய அந்த ஸ்பிரின்டில் முடிந்த நான்கு ஸ்டோரிகளுக்கு 14 பாயின்ட். வழக்கமாக 24 வரும். மறுநாளே மேலிருந்து மெயில்: "வெலாசிட்டி ஏன் விழுந்தது?" அந்த மெயிலை அணி முழுவதும் பார்த்துவிட்டது. அடுத்த மூன்று ஸ்பிரின்டில் 27, 30, 33. மேலே எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

ஸ்டோரி எண்ணிக்கையைப் பார்த்தேன். மூன்றிலும் ஐந்து, ஐந்து, ஐந்து. எண்ணிக்கை மாறாமல் பாயின்ட் மட்டும் ஏறினால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். ஸ்டோரிகள் உண்மையில் பெரிதாகியிருக்க வேண்டும், அல்லது மதிப்பீடு ஊதியிருக்க வேண்டும். பிரித்துப் பார்க்க, பழைய ஸ்டோரி ஒன்றையும் புதியது ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டுமே ஒரு படிவத்தில் ஒரு புலம் சேர்த்து, அதைச் சேமித்து, ஒரு அறிவிப்பு அனுப்பும் வேலை. பழையதற்கு 3, புதியதற்கு 5. யாரும் ஏமாற்ற நினைத்துப் போட்டதல்ல. கேள்வி கேட்கப்படும் என்ற பயத்தில் ஒவ்வொருவரும் கொஞ்சம் பாதுகாப்பு வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சரி, அப்படியென்றால் முன்னேற்றமே இல்லையா? இருந்தது, வேறு இடத்தில். அந்த சிக்கிய ஸ்பிரின்டுக்குப் பிறகு ஒரே நேரத்தில் நான்கு கார்டுக்கு மேல் திறப்பதில்லை என்று அணி முடிவு செய்திருந்தது. நாளுக்கு அரை ஸ்டோரி என்ற வேகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் நான்கை அரையால் வகுத்தால் எட்டு. தொடங்கிய ஸ்டோரி சராசரியாக எட்டு நாளில் முடிந்தது, ஸ்பிரின்டுக்குள் அடங்கியது. பாயின்ட் வரைபடம் இல்லாத வளர்ச்சியைக் காட்டியது, இருந்த வளர்ச்சியைக் காட்டவில்லை.

இதுவும் அணியின் வேகத்தைப் பற்றித்தான். பயணிக்கு என்ன கிடைத்தது? இலக்கையே கேள்வியாக மாற்றினோம்: ஆப்பில் டிக்கெட்டை ரத்து செய்த நூறு பேரில், "பணம் எப்போது வரும்?" என்று வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர்? வெளியான முதல் வாரம் 38. எல்லா ஸ்டோரியும் டன், எல்லா டெஸ்டும் பாஸ், ஆனாலும் மூன்றில் ஒருவருக்கு மேல் போன் செய்கிறார்கள். பணத்தின் நிலைத் திரையில் "செயலாக்கத்தில் உள்ளது" என்று மட்டும் இருந்தது. தேதி இல்லை. எந்தத் தேதிக்குள் வரும் என்று ஒரு வரி சேர்த்தார்கள், சின்ன ஸ்டோரி. இரண்டு வாரத்தில் 17 ஆனது.

மொத்த அழைப்புகளை எடுக்காமல் நூற்றுக்கு எத்தனை என்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. பொங்கல், தீபாவளி சமயத்தில் முன்பதிவும் ரத்தும் பல மடங்கு ஏறும், அழைப்பும் கூடவே ஏறும். மொத்தத்தைப் பார்த்தால் பண்டிகை வாரத்தில் நாம் கெட்டுவிட்டதாகவும் மறுவாரம் தேறிவிட்டதாகவும் தோன்றும்.

"மேனேஜர் வெலாசிட்டிதான் வேண்டும் என்றால்?" என்று அடுத்து வரும். மறுக்க வேண்டாம், கொடுங்கள். நான் அதே மெயிலில் அதற்கு மேலே மூன்று வரிகள் எழுத ஆரம்பித்தேன். இலக்கு எட்டப்பட்டதா இல்லையா, இப்போது திறந்திருக்கும் கார்டுகளில் மிகப் பழையது எத்தனை நாள் ஆனது, நூறு ரத்துக்கு எத்தனை அழைப்பு. மூன்றாவது மெயிலுக்குப் பிறகு கேள்விகள் அழைப்பு எண்ணைப் பற்றியே வந்தன. 33 பாயின்ட் அதற்குப் பிறகு மெல்ல 26க்கு இறங்கியது. அதைப் பற்றி யாரும் மெயில் போடவில்லை.

அறிகுறி 6: எல்லாம் முடிந்து, "இதில் இன்னும் சரியாகாதது எது?" என்று கேட்கிறார்

இங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால், அதுவரை சொன்னதையும் சந்தேகிப்பார்கள். எங்கள் கதையில் சரியாகாதது அந்த டெஸ்ட் சூழல். தனியாக ஒன்று கேட்டோம், பணம் ஒதுக்கவில்லை. நான் அந்த அணியை விட்டு வரும்வரை காலை எட்டு முதல் பத்து வரைதான். பக்கத்து அணிக்கு ரிலீஸ் வாரம் என்றால் அந்த இரண்டு மணி நேரமும் கிடையாது. அதனால் பிளானிங்கிற்கு முன்னால் அவர்களுடைய ரிலீஸ் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்வோம். தேதி எங்கள் ஸ்பிரின்டுக்குள் விழுந்தால், அந்த முறை பேமென்டைத் தொடும் ஸ்டோரி எதையும் எடுப்பதில்லை.